முகூர்த்தக் கல்லைத் தொட்டவள்

காஞ்சிபுரத்தில் மலை கிடையாது. இந்த ஊரில் உயரமாக இருப்பவை இரண்டுதான்: கோயில் கோபுரங்கள், அதற்கடுத்தபடி பட்டு வியாபாரிகளின் தலைக்கனம். அதனால் இங்கே அஸ்திவாரம் போட யாருக்கும் யோசனை தேவைப்படுவதில்லை. கயிறு கட்டு, மூன்றரை அடி தோண்டு, கல்லைப் போடு, வேலை முடிந்தது. முப்பது வருடமாக நான் பிளான் போட்டுக் கொடுத்த வீடுகளெல்லாம் அப்படித்தான் எழுந்தன. என் பெயர் இளங்கோவன். படித்தது டிராப்ட்ஸ்மேன் படிப்பு. ஊர் என்னை இன்ஜினியர் என்று கூப்பிடுகிறது. நானும் திருத்துவதில்லை.

பொன்னியம்மாள் மட்டும் அப்படிக் கூப்பிட்டதில்லை. "பிளான் சார்" என்பாள். நான் தாளில் கோடு போடுகிறவன், அவள் மண்ணில் கோடு போடுகிறவள், இரண்டில் எது நிஜம் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அந்தத் தெரிதல் முழுக்க அந்த "சார்" என்ற சொல்லில் இருக்கும்.

பக்கத்து ஊரான ஓரிக்கைக்காரி. வயது ஐம்பத்தைந்து இருக்கும். அஸ்திவாரம், எங்கள் பேச்சில் கடக்கால், வெட்டும் ஆறு பேருக்கு அவள்தான் மேஸ்திரி. புடவைக்கு மேல் ஆண்கள் சட்டை, தலையில் துண்டு, கையில் கடப்பாரை. அவளைப் பெற்றவர்கள் அடுத்தவன் நிலத்தில் நாற்று நட்டே செத்தவர்கள். இவள் பதினான்கு வயதில் பாலாற்றில் லாரிக்கு மணல் சுமந்தாள். கல்யாணமான கையோடு புருஷனுடன் ஏற்காட்டுக்குக் கட்டட வேலைக்குப் போனாள். பதினோரு வருடம் அங்கே இருந்துவிட்டு, புருஷன் மஞ்சள் காமாலையில் போன பிறகு திரும்பி வந்தாள். இங்கே ஒரு பெண்ணை மேஸ்திரி என்று ஏற்றுக்கொள்ள ஒருவனுக்கும் மனசு வரவில்லை. ஆனால் நூல் பிடித்தால் அவள் மூலை மட்டம் ஒரு விரல்கூட விலகாது. ஆண் மேஸ்திரிகள் சாயங்காலம் டாஸ்மாக்கில் இருப்பார்கள், இவள் சைட்டில் இருப்பாள். வேறு வழியில்லாமல் ஊர் அவளை மேஸ்திரி ஆக்கியது. இதைப் பெருந்தன்மை என்று சொல்லிக்கொள்கிறவர்களும் இங்கே உண்டு.

இனி மயில்வாகனம். மூன்று தலைமுறையாகப் பட்டுத் தறி போட்ட குடும்பம். இவர் காலத்தில் தறியோடு கடையும் வந்தது, கடையோடு தொப்பையும் வந்தது. நெற்றி நிறைய விபூதி, கழுத்தில் உருத்திராட்சம். அறுபது வயது முடிந்ததும் மலைமேல் ஒரு வீடு வேண்டும், அங்கிருந்து கோபுரங்களைப் பார்த்தபடி பூஜை செய்ய வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்தது. ஐந்து நிமிடம் நடந்தால் கோபுரத்தின் காலடியிலேயே நிற்கலாம். அது இலவசம் என்பதால் அவருக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது.

பாலாற்றைத் தாண்டித் தெற்கே போனால் ஒரு பொடி மலை இருக்கிறது. அதை மலை என்றால் ஏற்காட்டுக்காரர்கள் சிரிப்பார்கள். ஒரு புரோமோட்டர் அதை வாங்கி, ஜே.சி.பி. விட்டு இடுப்பில் இரண்டு ரோடு வெட்டினான், மேலே ஒன்று, கீழே ஒன்று. வெட்டிய மண்ணைச் சரிவின் விளிம்பில் தள்ளி, மேலே ரோலர் ஓட்டி, மனை விளிம்புவரை நல்ல தரை இருப்பதாகக் காட்டி விற்றான். மயில்வாகனம் வாங்கியது மேல் ரோட்டுக்கு வடபுறம் இருந்த மனை. ரோட்டிலிருந்து விளிம்புவரை அறுபது அடி. விளிம்பில் நின்றால் வடக்கே காஞ்சிபுரத்துக் கோபுரங்கள் தெரியும். காலடியில் முப்பது அடி கீழே இரண்டாவது ரோடு தெரியும். மயில்வாகனத்துக்குக் கோபுரம் மட்டும்தான் தெரிந்தது.

பிளான் போட என்னிடம்தான் வந்தார். நான் மனையைப் போய்ப் பார்க்கவில்லை. நீளம் அகலம் சொன்னார், எழுதிக்கொண்டேன். பக்கத்து மனைக்கு விட வேண்டிய இடைவெளி நான்கு அடி என்று விளிம்புப் பக்கமும் நான்கு அடி விட்டுக் கோடு போட்டேன். பக்கத்தில் மனை இல்லை, காற்றுதான் இருக்கிறது என்பது என் தாளில் தெரியவில்லை. பிளானுக்கு ஒப்புதலும் கிடைத்தது. ஒப்புதல் கொடுத்தவர்களும் போய்ப் பார்க்கவில்லை. நாங்கள் எல்லோரும் அந்த விஷயத்தில் ஒற்றுமையாக இருந்தோம்.

ஆவணியில் மனை முகூர்த்தம். குருக்கள் வந்து ஈசானிய மூலையில், அதாவது வடகிழக்கில், குழி வெட்டி நவதானியம் போட்டு, மஞ்சள் குங்குமம் பூசிய ஒன்றரை அடிக் கருங்கல்லை நட்டார். பூஜையறை அங்கேதான் வரப்போகிறது. கல் நின்றது விளிம்பிலிருந்து சரியாக நான்கு அடியில், என் பிளான்படி. இப்படியாக என் சோம்பேறித்தனத்துக்கு மந்திரமும் ஓதியாகிவிட்டது.

ஒரு வாரம் கழித்துப் பொன்னியம்மாள் ஆட்களோடு குழி வெட்ட வந்தாள். அன்றுதான் நானும் முதல்முறையாக மனையை மிதித்தேன். மயில்வாகனம் குடை பிடித்து நின்றுகொண்டிருந்தார். பொன்னியம்மாள் கயிறு கட்டவில்லை. நேரே விளிம்புக்குப் போய்க் கீழே எட்டிப் பார்த்தாள். பிறகு கடப்பாரையை ஓங்கித் தரையில் குத்தினாள். அது முழங்கை ஆழம் உள்ளே போயிற்று. இரண்டடி தள்ளிக் குத்தினாள், அங்கேயும் போயிற்று. நான்கடி தாண்டியதும் கடப்பாரை ணங்கென்று நின்றது.

"இது கொட்டின மண்ணு மொதலாளி," என்றாள். "மலையோட மண்ணு இல்ல. ரோடு வெட்டி இங்க தள்ளிக்கிறானுங்க. உங்க கல்லு அது மேலதான் நிக்குது."

"அதான் ரோலர் ஓட்டிக்கிறான் இல்ல? கெட்டியாத்தான் இருக்குது. நீ கயிறைக் கட்டும்மா."

"மேல கெட்டி. உள்ள சோறு. ஒரு மழை பேஞ்சா எறங்கிடும்." விளிம்பைக் கையால் காட்டினாள். "பள்ளம் முப்பது அடி இருக்குது. அதுல மூணுல ஒரு பங்கு, பத்தடியாவது தள்ளித்தான் கடக்கால் ஆரம்பிக்கணும். அதுவும் இந்தக் கொட்டின மண்ணை வுட்டுட்டு, கெட்டி மண்ணுலேர்ந்து பத்தடி எண்ணணும். நாலும் பத்தும் பதினாலு."

"பதினாலு அடியா! அப்போ என் பூஜை ரூம்?"

"பின்னால வரும்."

"கோபுரம் தெரியாதே!"

"மாடி ஏறினா தெரியும்."

மயில்வாகனம் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் அவ்வளவு கவனமாகப் பிளானைப் புரட்டினேன், என்னவோ அதில் இதற்குப் பதில் எழுதியிருப்பது போல.

பொன்னியம்மாள் அதோடு நிற்கவில்லை. ரப்பர் குழாயில் தண்ணீர் விட்டு ரோட்டோரத்திலும் விளிம்போரத்திலும் மட்டம் பார்த்தாள். ரோட்டுப் பக்கத்தைவிட விளிம்புப் பக்கம் ஆறடி இறக்கம். "ரோட்டுலேர்ந்து பள்ளத்துக்கு எறங்குற செவுரு ரெண்டுக்கும் கடக்காலைப் படி படியாத்தான் வெட்டணும்," என்றாள்.

இதில்தான் மயில்வாகனத்துக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "படியா? கடக்கால்னா தறிப் பாவு மாதிரி ஒரே நீட்டா போவணும்மா. எங்க வீட்டுல மூணு தலைமுறையா பாவு நீட்டிக்கினு இருக்கோம், எங்களுக்குத் தெரியாதா? நடுவுல ஒடைச்சி ஒடைச்சி வெட்டினா இழை அறுந்த மாதிரி. எல்லா இடத்துலயும் மூணரை அடி தோண்டு, போதும்."

"எல்லா இடத்துலயும் மூணரை அடி தோண்டினா குழியோட அடி தரை கூடவே சாஞ்சிக்கினு போவும் மொதலாளி. சாஞ்ச அடில செவுரை வெச்சா, கனம் கீழ்ப் பக்கமா வழுக்கும். சாஞ்ச தரையில தறி போடுவீங்களா? பள்ளத்துப் பக்கம் தறிக் காலை நீட்டி வெச்சி மட்டம் பண்ண மாட்டீங்க?" பதிலுக்குக் காத்திருக்காமல் குச்சியால் மண்ணில் வரைந்தாள். "ஒவ்வொரு படியும் தண்ணி நிக்கிற மாதிரி மட்டமா இருக்கணும். ஒரு படிக்கு ஒரு அடிக்கு மேல எறக்கக் கூடாது, காங்கிரீட்டு கனமே ஒரு அடிதான். மேல் படி காங்கிரீட்டு கீழ்ப் படி மேல ரெண்டு அடியாவது ஏறி உக்காரணும், அப்பதான் ரெண்டும் ஒண்ணாப் பிடிக்கும். கீழ்க்கோடிலேர்ந்து ஆரம்பிச்சி மேல வருவோம்."

ஏற்காட்டில் இதை யாரும் அவளுக்கு உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்கவில்லை. மெட்ராஸ்காரர் ஒருவர் அங்கே சரிவைத் தொடர்ந்தபடி கடக்கால் போட்டு பங்களா கட்டினாராம். வருடத்துக்கு நான்கு விரல் வீதம் வீடு கீழே நகர்ந்தது. நான்காம் வருடம் வீட்டைப் பிரித்துப் போட வேண்டியதாயிற்று. பிரித்த கூட்டத்தில் இவளும் இருந்தாள். மூன்று மாதம் அந்தக் கல்லையெல்லாம் ஒவ்வொன்றாகச் சுமந்து எடுத்தவளுக்கு, ஏன் நகர்ந்தது என்று தலைக்குத் தெரியாவிட்டாலும் முதுகுக்குத் தெரிந்துபோனது. என் படிப்பில் இதே பாடம் ஒரு பக்கம் இருந்தது. தேர்வுக்கு வராது என்று விட்டுவிட்டேன்.

மயில்வாகனம் கடைசியாக ஒன்று சொன்னார். "எல்லாம் சரிம்மா. ஆனா கல்லு நட்டாச்சு. முகூர்த்தக் கல்லை நகர்த்தக் கூடாது. வூடு அதைத் தொட்டுத்தான் எழும்பணும்."

"அப்ப இந்தக் கல்லுதான் உங்களுக்குத் தடை?"

"ஆமா."

பொன்னியம்மாள் கடப்பாரையைக் கல்லின் அடியில் விட்டு ஒரு நெம்பு நெம்பினாள். கல் அசைந்தது. இரண்டு கையாலும் தழுவித் தூக்கினாள். மஞ்சளும் குங்குமமும் சட்டையில் அப்பிக்கொள்ள, விளிம்பிலிருந்து பதினான்கு அடி எண்ணி நடந்து கீழே வைத்தாள். "இப்ப தடை இல்ல. இங்க ஆரம்பிக்கலாம்," என்றாள்.

மயில்வாகனத்தின் கையிலிருந்த குடை கீழே விழுந்தது. பிறகு அவர் வாயிலிருந்து வந்ததை நான் எழுதப்போவதில்லை. கல் தீட்டுப்பட்டதாம். யார் கை, என்ன கை என்று அவர் கேட்ட விதம் எல்லோருக்கும் புரிந்தது. பொன்னியம்மாளின் ஆட்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவள் குனியவில்லை. கடப்பாரையைத் துடைத்தாள், குழாயில் இருந்த தண்ணீரைக் கொட்டினாள், குழாயைச் சுருட்டினாள். "வாங்கடா போலாம்," என்றாள்.

நான் பிளானைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன். அவள் சொன்ன ஒவ்வொன்றும் சரி என்று எனக்குத் தெரியும். மயில்வாகனத்தின் மைத்துனர் இரண்டு வீடு கட்டப்போகிறார் என்பதும் தெரியும். அன்று என் வாயை மூடி வைத்தது எது என்று நான் விளக்கத் தேவையில்லை. இவ்வளவு பேரை எள்ளி நகையாடும் எனக்கு அந்தக் கூட்டத்தில் முதல் வரிசையில் இடம் உண்டு.

தொட்ட கல் இனி ஆகாது என்றார் குருக்கள். புதுக் கல், புது முகூர்த்தம் வேண்டும். புரட்டாசியில் மனை ஆரம்பிக்கக் கூடாது. ஐப்பசியில் வாஸ்து நாள் பார்த்து, பழைய இடத்திலேயே, விளிம்பிலிருந்து நான்கு அடியில், புதுக் கல் நடுவது என்று முடிவாயிற்று. பழைய கல்லை எடுத்து எறியச் சொன்னார்கள். எறிய வேண்டுமானால் தொட வேண்டும், தொட ஒருவரும் வரவில்லை. அது பொன்னியம்மாள் வைத்த இடத்திலேயே வெயிலில் கிடந்தது.

மயில்வாகனம் கடையில் உட்கார்ந்தபடி வருகிற போகிறவர்களிடமெல்லாம் இதைச் சொன்னார். எந்தச் செய்தியும் பட்டுக்கடைத் தெருவில் அரை நாளில் முழு நீளம் நெய்யப்பட்டுவிடும். "முகூர்த்தக் கல்லைப் புடுங்கினவ" என்று பெயர் ஆகிவிட்டது. பொன்னியம்மாளுக்கு வேலை சொல்லியிருந்த மூன்று வீட்டுக்காரர்களும், ஏனாத்தூரில் ஒருவர், ஊருக்குள் இருவர், ஒருவர் பின் ஒருவராக வேண்டாம் என்றார்கள். கடக்காலுக்கு முதல் மண்ணை வெட்டுகிறவள் கை ராசியான கையாக இருக்க வேண்டுமாம். அவள் கூட்டத்தில் இருவர் வேறு மேஸ்திரியிடம் போனார்கள். இரண்டு மாதம் அவள் கடப்பாரை மூலையில் சாய்ந்திருந்தது. நூறு நாள் வேலையில் அவள் ஏரிக்கரையில் புல் செதுக்கிக்கொண்டிருந்ததை பஸ்ஸிலிருந்து ஒருமுறை பார்த்தேன். முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டேன். அவள் பார்த்துவிட்டாள் என்றுதான் நினைக்கிறேன்.

ஐப்பசி பிறந்தது, மழையும் பிடித்தது. மூன்று நாள் விடாமல் கொட்டியது. நான்காம் நாள் காலையில் மயில்வாகனம் போன் செய்தார். "மனை போய்டுச்சு, இளங்கோ," என்றார்.

மனை முழுக்கப் போகவில்லை. போனது விளிம்பிலிருந்து ஒன்பது அடி. மனையின் முழு அகலத்துக்கும் வாயைப் பிளந்தாற்போல் அறுந்து, செம்மண்ணும் ஜல்லியும் மரவேருமாகக் கீழ் ரோட்டை மூடிக் கிடந்தது. பூஜையறை வந்திருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. அடுத்த வாரம் புதுக் கல் நடுவதாக இருந்தது. கட்டி முடித்துக் குடியேறியிருந்தால், தினமும் விடிகாலையில் அங்கே உட்கார்ந்து தேவாரம் பாடப்போகிறவர் அவர்தான்.

பழைய கல் மட்டும் அப்படியே நின்றது, புது விளிம்பிலிருந்து ஐந்தடியில். மஞ்சள் கரைந்துபோய்க் கழுவிவிட்ட கருங்கல்லாக.

மயில்வாகனம் அதைப் பார்த்தார். அவள் சொன்னாளே என்று இப்போது சொல்லப்போகிறார் என்று நான் நினைத்தேன். அந்த மனிதர் சேற்றில் விழுந்து கல்லை நோக்கிக் கும்பிட்டார். "சாமி தானே எடம் காட்டிடுச்சு!" என்று அழுதார். குருக்களை வரவழைத்தார். குருக்களும் சற்று யோசித்துவிட்டு, தீட்டு என்பது மழையோடு போய்விட்டது, இனி இந்தக் கல்லே போதும், இந்த இடமே ஈசானியம் என்றார். கல்லுக்குச் சம்பங்கி மாலை விழுந்தது. இரண்டு மாதம் ஒருவரும் தொடாத கல்லுக்கு ஒரே காலையில் கற்பூரம் காட்டினார்கள்.

ஆனால் படி வெட்டத் தெரிந்த மேஸ்திரி வேண்டுமே. இந்தத் தட்டை ஊரில் அது ஒருத்திக்குத்தான் தெரியும். "நீயே போய்க் கூப்பிடு இளங்கோ," என்றார். போனேன். "பிளான் சார், இப்ப முகம் தெரியுதா?" என்றாள். அது எனக்கு வேண்டியதுதான். மன்னித்துக்கொள் என்றேன். அவள் கடப்பாரையை எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறினாள்.

மனையில் மயில்வாகனம், அவர் மனைவி காமாட்சியம்மாள், குருக்கள், மண்ணை அள்ள வந்த ஆட்கள் எல்லோரும் இருந்தார்கள். பொன்னியம்மாள் புது விளிம்பில் குந்தி உட்கார்ந்து அறுந்த மண்ணைப் பார்த்தாள். அறுந்த இடத்தின் இரண்டு ஓரங்களிலும் மேலே ரோலர் இறுக்கிய இரண்டடி ஓடு, அதற்குக் கீழே உதிரி மண், அதற்கும் கீழே மலையின் சொந்தச் சரளை, மூன்றும் தெளிவாகத் தெரிந்தன. அவள் உட்கார்ந்த விளிம்பில் சரளை மட்டும்தான் இருந்தது.

"நானும் ஏமாந்துட்டேன்," என்றாள். "நாலடிதான் கொட்டினதுன்னு நெனச்சேன். ரோலர் விளிம்பு வரைக்கும் வரல, நாலடிக்கு இந்தப் பக்கம் கடப்பாரை ரோலர் போட்ட ஓட்டுல நின்னுக்கினு இருந்திருக்குது. ஒன்பதடி வரைக்கும் கொட்டிக்கிறானுங்க. குத்திப் பாத்ததோட வுட்டிருக்கக் கூடாது, ஒரு குழி தோண்டிப் பாத்திருக்கணும்." தவறு செய்தேன் என்று அந்த மனையில் வாய்விட்டுச் சொன்னவள் அவள் ஒருத்திதான்.

பிறகு டேப்பைப் பிடித்து நீட்டினாள். மாலை போட்ட கல்லுக்கு நேரே வந்து நின்றாள். "அஞ்சடிதான் இருக்குது. பத்தடி வேணும். இந்தக் கல்லு இங்க இருக்கக் கூடாது. இன்னும் அஞ்சடி பின்னால போவணும். மேல ரோட்டுத் தண்ணி இந்தப் பக்கம் வராம ஒரு கால்வாயும் வெட்டணும்."

எல்லோரும் கல்லைப் பார்த்தார்கள். கற்பூரம் இன்னும் புகைந்துகொண்டிருந்தது. மயில்வாகனம் குருக்களைப் பார்த்தார், குருக்கள் வானத்தைப் பார்த்தார். மண் அள்ளும் ஆட்கள் இரண்டடி பின்னால் போனார்கள். சாமியாகிவிட்ட கல்லைத் தூக்கி ஊரிடம் பெயர் வாங்கிக்கொள்ள அவர்களுக்கென்ன பைத்தியமா?

"நீயே தூக்கி வெச்சிடும்மா," என்றார் மயில்வாகனம். "ஏற்கெனவே ஒரு தடவை தொட்டதுதானே."

"தொட்டேன். ரெண்டு மாசம் என் கூட்டம் சோத்துக்கு அலைஞ்சுது." டேப்பைச் சுருட்டி இடுப்பில் செருகினாள். "இனிமே தொட மாட்டேன். எங்கிட்டேர்ந்து போன மூணு வீடு இருக்குதில்ல, அவங்களுக்கு இப்பவே போன் போடுங்க. பொன்னியம்மா கல்லை நகத்தினதாலதான் பொழச்சேன்னு சொல்லுங்க. சாமி நகத்துச்சுன்னு சொல்லாதீங்க. எங்க எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லுங்க. அப்புறமா நீங்களே கல்லைத் தூக்குங்க. அதுக்கப்புறம் நான் குழி வெட்டுறேன்."

மயில்வாகனத்தின் முகம் சிவந்தது. காமாட்சியம்மாள்தான் முதலில் வாய் திறந்தாள். "பண்ணுங்க. அவ இல்லாட்டி அந்தச் சரிஞ்ச மண்ணுக்குள்ள நான்தான் உங்களைத் தேடிக்கினு இருந்திருப்பேன்," என்றாள். அவள் கணவனிடம் அந்தக் குரலில் பேசி நான் கேட்டதில்லை.

மூன்று போன்களையும் ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார். முதல் போனில் "பொன்னியம்மா" என்ற பெயரை விழுங்கப் பார்த்தார். "கேக்கல," என்றாள் அவள். மறுபடி சொன்னார். மூன்றாவது போனில் நன்றாகவே வந்தது. ஏனாத்தூர்க்காரர் திங்கட்கிழமை ஆட்களை அழைத்து வரச் சொன்னார்.

பிறகு மயில்வாகனம் வேட்டியை மடித்துக் கட்டினார், உருத்திராட்சத்தை முதுகுப் பக்கம் தள்ளிக்கொண்டார், குனிந்தார். மூன்று தலைமுறை வேறு ஆட்களை வைத்தே கனம் தூக்கிய முதுகு அது. கல் ஒருமுறை வழுக்கியது. இரண்டாவது முறை வயிற்றில் அணைத்துக்கொண்டு எழுந்தார். மாலை மார்புக்கும் கல்லுக்கும் நடுவே நசுங்கியது. சேற்றில் கால் புதையப் புதைய ஒவ்வோர் அடியாகப் பின்னால் நடந்தார். கீழே வைக்கப் போனவர் நின்று, மூச்சு வாங்க, பொன்னியம்மாளைத் திரும்பிப் பார்த்தார்.

"இங்க வெக்கலாமா?"

அவள் டேப்பை நீட்டிப் பார்த்தாள். "இன்னும் ஒரு அடி மொதலாளி," என்றாள்.